சட்டையைத் தூக்கி ஒரு நிமிஷம்: இருமும் குழந்தையின் மூச்சை எண்ணுவதும் விலாவைப் பார்ப்பதும்

பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டாவுக்கு ஏறும் மலைச்சாலையின் இரண்டு பக்கத்து ஊர்களிலும் குழந்தைக்கு மூச்சு சரியில்லை என்பதைச் சொல்ல ஆளுக்கொரு சொல் உண்டு. தமிழ் வீடுகளில் "மூச்சு வாங்குது", "நெஞ்சுல பள்ளம் விழுது" என்பார்கள். அடுத்த தெருத் தெலுங்கு வீட்டில் "டொக்கலு எகரேஸ்துன்னாடு" என்பார்கள். டொக்க என்றால் விலாவை ஒட்டிய பக்கவாட்டுப் பகுதி. அது எகிறுகிறது என்று பொருள். இரண்டு மொழியும் கலந்து புழங்கும் இடம் என்பதால் தமிழ்ப் பாட்டிகளே சில சமயம் அந்தத் தெலுங்குச் சொல்லைச் சொல்லிவிடுவார்கள். சளிச் சத்தம் கேட்கிறதா என்று நெஞ்சில் காதை வைக்காமல் விலாவைப் பார்க்கச் சொல்கிறது அந்தச் சொல். நிமோனியாவைக் கண்டுபிடிக்க வீட்டில் இருப்பவர்களால் செய்ய முடிகிற மிகச் சரியான காரியமும் அதுதான்.

ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைக்கு வருஷத்தில் பல தடவை சளி, இருமல் வரும். பெரும்பாலானவை மூக்கோடும் தொண்டையோடும் நின்றுவிடும். சில மட்டும் நுரையீரலுக்குள் இறங்கும். இருமலின் சத்தத்தை வைத்து எது இறங்கியது என்று சொல்லவே முடியாது. வீடே அதிர இருமுகிற குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும். லேசாகச் செருமுகிற குழந்தைக்கு நிமோனியா முற்றியிருக்கும். காய்ச்சலின் உயரமும் கைகொடுக்காது. ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டாலும் சில குழந்தைகளுக்கு ஒன்றும் கேட்பதில்லை. ஒரே நெஞ்சைக் கேட்ட இரண்டு மருத்துவர்கள் வேறு வேறு சொல்வதும் நடக்கிறது. கண்ணால் பார்க்கக்கூடிய இரண்டு அடையாளங்களை நம்புவது இதனால்தான். ஒன்று, நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு. இரண்டு, மூச்சை இழுக்கும்போது கீழ்விலா உள்ளே போகிறதா.

முதல் அடையாளத்துக்கு எங்கள் வட்டாரத்தோடு ஒரு தொடர்பு உண்டு. பப்புவா நியூகினியில் ஃபிராங்க் ஷான் குழுவினர் மூச்சு வேகத்தை வைத்து நிமோனியாவைப் பிரிக்கலாம் என்று 1984-இல் எழுதினார்கள். அடுத்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான் உள்ளிட்டவர்கள் குழந்தைகளை எண்ணிப் பார்த்து 1988-இல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு 50, ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு 40 என்று வயதுக்கேற்பக் கோடு போட்டால் நிமோனியாவை நன்றாகப் பிரித்தறிய முடிகிறது என்றது அது. இன்று ஆஷா ஊழியரின் கையேட்டில் இருக்கும் கணக்கும் இதே கணக்குத்தான்.

அதை நினைவில் வைக்க வேண்டிய விதம் இப்படி. இரண்டு மாதம் நிறையாத பச்சைக் குழந்தைக்கு நிமிஷத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேகம். இரண்டு மாதம் நிறைந்து ஒரு வயது நிறையும் வரை 50 அல்லது அதற்கு மேல். ஒரு வயது நிறைந்து ஐந்து வயது நிறையும் வரை 40 அல்லது அதற்கு மேல். சரியாக 40 வந்தாலும் வேகம்தான். "ஒரு வயசு ஆவுது" என்று அம்மா சொல்வதை மட்டும் வைத்துக் கணக்குப் போடக் கூடாது. நடப்பு வயதைச் சொல்வது நம் பழக்கம். பதினொன்றாம் மாதத்தில் இருக்கும் குழந்தையும் "ஒரு வயசு" ஆகிவிடும். 44 என்ற எண் பதினொரு மாதக் குழந்தைக்குச் சரியான எண், பன்னிரண்டு நிறைந்த குழந்தைக்கு நிமோனியா எண். தடுப்பூசி அட்டையை வாங்கிப் பிறந்த தேதியைப் பாருங்கள்.

இனி ஒரு குழந்தையை வைத்துச் சொல்கிறோம். மலையடிவாரத்து ஊர், பீடி சுற்றும் வீடு, தை மாதக் குளிர். பதினான்கு மாதம் நிறைந்த பையன், எடை 8 கிலோ. நான்கு நாளாக இருமல், இரண்டு நாளாகக் காய்ச்சல். பாட்டி கோரோசனையைத் தாய்ப்பாலில் உரைத்துக் கொடுத்திருக்கிறார். முந்தின நாள் ஒரு கிளினிக்கில் நெபுலைசர் வைத்து, இருமல் சிரப் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். "சளிதான், கரைஞ்சிடும்" என்ற நம்பிக்கையில் வீடு இருக்கிறது. சாப்பாடு பாதியாகக் குறைந்துவிட்டது, பால் மட்டும் குடிக்கிறான்.

எண்ணும்போது நடக்கும் தவறுகளில் பெரியது, குழந்தையைக் கையில் வாங்குவதுதான். அம்மாவிடமிருந்து பிரித்ததும் அவன் அழுதான். அழுதுகொண்டே இருக்கும்போது எண்ணியதில் 62 வந்தது. அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. அழுகை, பால் குடிப்பது, தவழ்வது, புது முகத்தைக் கண்டு மிரள்வது எல்லாமே மூச்சை ஏற்றிவிடும். திரும்ப அம்மா மடியில் கொடுத்து, கொஞ்சம் பால் குடிக்கவிட்டு, கண் சொக்கும் வரை பத்து நிமிஷம் காத்திருந்தால்தான் உண்மையான எண் கிடைக்கும். தூங்கும் குழந்தையை எழுப்பவே வேண்டாம், எண்ணுவதற்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. ஒரு வரிசை உண்டு: முதலில் எண்ணுவது, அடுத்து விலாவைப் பார்ப்பது, அதன் பிறகுதான் தெர்மாமீட்டர், தொண்டை, காது. தொண்டையில் கரண்டியை வைத்துவிட்டுப் பிறகு மூச்சை எண்ண முடியாது.

அம்மாவே மெதுவாகச் சட்டையை மார்பு வரை சுருட்டிவிடட்டும். ஸ்வெட்டரும் உள்சட்டையும் சேர்த்தே ஏறவேண்டும். துணிக்கு மேலே எண்ணினால் பாதி தப்பிவிடும். வெளிச்சம் பக்கவாட்டில் விழுமாறு வாசல் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லுங்கள். மேலிருந்து நேராக விழும் ட்யூப் லைட்டில் அசைவு தட்டையாகத் தெரியும், பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் ஏற்ற இறக்கம் நிழலோடு தெரியும். வயிறோ மார்போ, எங்கே அசைவு நன்றாகத் தெரிகிறதோ அந்த ஒரே இடத்தில் கண்ணை வையுங்கள். ஒரு முறை மேலே எழுவது ஒரு மூச்சு. எழுவதை ஒன்று, இறங்குவதை ஒன்று என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணிக்கை இரட்டிப்பாகி, நல்ல குழந்தையை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிவிடுவார்கள்.

கடிகாரத்தையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தால் இரண்டும் தவறும். போனில் ஒரு நிமிஷ டைமர் வைத்துவிட்டு, அது ஒலிக்கும் வரை வயிற்றை மட்டும் பாருங்கள். முழு நிமிஷம் எண்ண வேண்டும். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குவது வேலையை மிச்சப்படுத்தும், ஆனால் ஒரு மூச்சு தவறினால் இரண்டாகத் தவறும். கைக்குழந்தைகள் வேறு சற்று வேகமாக விட்டு, ஒரு கணம் நிறுத்தி, மறுபடி வேகமாக விடும். எந்த அரை நிமிஷம் அகப்பட்டது என்பதைப் பொறுத்து எண் மாறிவிடும்.

எண்ணிக்கை நாற்பதைத் தாண்டும்போது நாக்கு குழறும். அதற்குப் புளியங்கொட்டை போதும். ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணி ஒரு கொட்டையை முறத்தில் போடுங்கள், மறுபடி ஒன்றிலிருந்து. ஒரு வயது நிறைந்த குழந்தைக்கு, டைமர் ஒலிப்பதற்குள் நான்காவது கொட்டை விழுந்துவிட்டால் வேகம். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை என்றால் ஐந்தாவது கொட்டை. படிக்கத் தெரியாத பாட்டியும் இதைச் செய்துவிடுவார்.

அந்தப் பையனுக்கு ஐந்து கொட்டை விழுந்து மேலும் நாலு மூச்சு வந்தது: 54. மறுபடி எண்ணியபோது 53. அவனுக்குக் கோடு 40. காய்ச்சல் மூச்சைக் கொஞ்சம் கூட்டும் என்பது உண்மைதான். எண் கோட்டை ஒட்டி 41, 42 என்று நின்று, உடம்பும் கொதித்து, வேறெந்த அடையாளமும் இல்லாவிட்டால் பாரசிட்டமால் கொடுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி எண்ணலாம். கிலோவுக்கு 15 மி.கி. கணக்கில் 8 கிலோ பையனுக்கு 120 மி.கி. ஆகும், 5 மி.லி.யில் 120 அல்லது 125 மி.கி. உள்ள சிரப் என்றால் ஏறக்குறைய 5 மி.லி. அதே மருந்து 5 மி.லி.யில் 250 மி.கி. என்றும் கடையில் கிடைக்கிறது, பாட்டிலின் எழுத்தைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். ஆனால் 54-ஐக் காய்ச்சலின் தலையில் போட முடியாது. விலா உள்வாங்கினால் காய்ச்சல் இறங்கும் வரை காத்திருக்கவும் கூடாது.

அடுத்தது விலா. இதில்தான் பயிற்சி உள்ளவர்களே தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நுரையீரலில் காற்றுப் பைகள் கிருமியாலும் நீராலும் நிரம்பும்போது அது காய்ந்த ஸ்பாஞ்சு போல விறைத்துவிடும். ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சமே காற்று நுழைவதால் குழந்தை எண்ணிக்கையைக் கூட்டிச் சமாளிக்கிறது; வேகம் அதனால் வருகிறது. விறைப்பு மேலும் கூடினால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் பலம்கொண்டு கீழே இழுக்கிறது. நுரையீரல் விரிய மறுக்கிறது. அந்த இழுப்புக்கு வேறு எது வளைந்து கொடுக்கும்? சின்னக் குழந்தையின் விலா எலும்பு இன்னும் குருத்தாக இருப்பதால் கீழ்விலா உள்ளே போய்விடுகிறது. பெரியவர்களுக்கு எலும்பு கெட்டி, அதனால் அவர்களிடம் இப்படித் தெரிவதில்லை.

நலமான குழந்தை மூச்சை இழுக்கும்போது வயிறும் எழும், கீழ்விலாவும் கூடவே வெளியே விரியும். நிமோனியா முற்றிய குழந்தைக்கு வயிறு எழும் அதே நொடியில் கீழ்விலா உள்ளே போகும், ஏற்றப்பலகையின் இரண்டு முனைகளைப் போல. எது இழுக்கும் மூச்சு, எது விடும் மூச்சு என்று வேகமாக மூச்சு விடும் குழந்தையிடம் குழப்பம் வரும். வயிற்றைக் கடிகாரமாக வைத்துக்கொள்ளுங்கள்: வயிறு எழுகிறது என்றால் காற்று உள்ளே போகிறது. அந்த நேரத்தில் விலா எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பாருங்கள்.

குழந்தையைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்துப் பார்ப்பது நல்லது. மடியில் இடுப்பு மடங்கி உட்கார்ந்திருந்தால் வயிறு விலாவை முட்டிக்கொண்டு எதையும் காட்டாது. படுக்க வைத்தால் அழுகிறான் என்றால், அம்மா மடியிலேயே முதுகு நீளமாக இருக்கும்படி சாய்த்துப் பிடிக்கச் சொல்லலாம். அந்தப் பையனை வாசலோரப் பாயில் கிடத்தியபோது, மார்புக் காம்புக்குக் கீழே இரண்டு விரற்கடை தூரத்தில், விலா முடிந்து வயிறு தொடங்கும் இடத்தில், ஒவ்வொரு மூச்சுக்கும் வளைந்த ஒரு நிழல் கோடு விழுந்து மறைந்தது. குழியின் ஓரம் அது. இரண்டு பக்கமும் விழுந்தது. அவன் அமைதியாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்; கோடு ஒரு மூச்சுக்கும் தவறவில்லை.

இந்தத் தவறாமை முக்கியம். அழும்போதும் பால் குடிக்கும்போதும் மட்டும் குழி விழுந்து, அமைதியானதும் மறைந்தால் அதை உள்வாங்குதல் என்று கணக்கில் எடுப்பதில்லை. விலா எலும்புகளுக்கு இடையில் உள்ள சதை மட்டும் சிறிதாக உள்ளே போவதும், கழுத்துக் குழி மட்டும் அசைவதும் இதில் சேராது. இருக்கிறதா இல்லையா என்று நெற்றியைச் சுருக்கி யோசிக்கும் அளவுக்கு இருந்தால், குழந்தையின் இடத்தை மாற்றி மறுபடி பாருங்கள். உண்மையான உள்வாங்குதல் தெளிவாகத் தெரியும்.

மூக்கடைப்பும் இதே போல ஏமாற்றும். பச்சைக் குழந்தை வாயால் மூச்சு விடப் பழகியிருக்காது, மூக்கு அடைத்தால் இழுத்து இழுத்து மூச்சு விடும். இரண்டு மூக்கிலும் இரண்டு சொட்டு சலைன் விட்டு, மெல்லிய துணித் திரியால் துடைத்துவிட்டு, சில நிமிஷம் கழித்துப் பாருங்கள். கடைச் சொட்டு இல்லாவிட்டால் கொதித்து ஆறிய ஒரு டம்ளர், அதாவது 200 மி.லி. தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பைக் கரைத்து அன்றன்றைக்குப் பயன்படுத்தலாம். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதையும் மூக்கில் விடாதீர்கள். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதும் பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போய்த் தங்கி, ஆன்டிபயாட்டிக்குக்கும் அசையாத ஒரு வகை நிமோனியாவை உண்டாக்குகிறது. கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தடவுவதும் வேண்டாம். கைக்குழந்தைக்குக் கற்பூரத்தால் வலிப்பே வரலாம்.

பையனுக்கு மூக்கைச் சுத்தம் செய்த பிறகும் விலா அதே மாதிரிதான் இருந்தது.

அடுத்த கேள்வி இளைப்பு. மூச்சை விடும்போது விசில் போல நீளமாகச் சத்தம் வந்தால் மூச்சுக்குழல் சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். வீசிங் என்பது அதுதான். இளைப்பாலும் மூச்சு வேகமாகும், விலாவும் உள்வாங்கும். அதனால் மருத்துவமனையில் சால்பியூட்டமாலை 15, 20 நிமிஷ இடைவெளியில் மூன்று தடவை வரை கொடுத்துவிட்டு மறுபடி எண்ணிப் பார்ப்பார்கள். எண் கோட்டுக்குக் கீழே இறங்கி, விலாவும் சீரானால் அது இளைப்பு. இறங்காவிட்டால் நிமோனியாவாகவே நடத்த வேண்டும். இந்த மறு எண்ணிக்கைதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. நெபுலைசர் வைத்ததும் குழந்தை கொஞ்சம் தெளிந்த மாதிரி தெரியும், உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முந்தின நாள் இந்தப் பையனுக்கு நடந்தது அதுதான். "நெபுலைசர் வெச்ச பிறகு மூச்சை எண்ணினீங்களா?" என்று கேட்கும் உரிமை அம்மாவுக்கு உண்டு. அவனுக்கு விசில் சத்தமும் இல்லை.

சத்தம் மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரவென்று வந்தால் அது வேறு சங்கதி. அடைப்பு தொண்டைக்குக் கீழே மேல் மூச்சுக்குழலில் இருக்கிறது. அமைதியாக இருக்கும்போதே அந்தச் சத்தம் கேட்டால் உடனே மருத்துவமனை. கடலைக் கொல்லை நிறைந்த ஊர்களில் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: வேர்க்கடலையை மென்றுகொண்டிருந்தபோது திடீரென்று புரையேறி ஆரம்பித்த இருமலா இது? கடலைப் பருப்பு ஒரு பக்கக் குழாயில் உட்கார்ந்துகொண்டு, அதே பக்கத்தில் மறுபடி மறுபடி நிமோனியா போலக் காட்டும். மருந்து அதைக் கரைக்காது, எடுத்துத்தான் ஆக வேண்டும்.

இவற்றோடு நான்கு அபாய அடையாளங்களையும் பார்க்க வேண்டும். தாய்ப்பாலோ தண்ணீரோ எதுவுமே குடிக்க முடியாமல் போவது, கொடுத்ததையெல்லாம் வாந்தி எடுப்பது, இந்த நோயில் வலிப்பு வந்திருப்பது, எழுப்பினாலும் சரியாக முழிக்காமல் துவண்டு கிடப்பது. இதில் ஒன்று இருந்தாலும் எண்ணிக்கை எவ்வளவு என்ற பேச்சுக்கே இடமில்லை, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். "பால் குடிக்கிறானா?" என்று வாயால் கேட்டால் "குடிக்கிறான்" என்றே பதில் வரும். கண் முன்னால் குடிக்க வைத்துப் பாருங்கள். பையன் நாலு வாய் சப்பினான், விட்டான், மூச்சு வாங்கினான், மறுபடி பிடித்தான். விழுங்க முடிகிறது, ஆனால் தொடர்ந்து குடிக்க மூச்சு இடம் கொடுக்கவில்லை. அபாய அடையாளத்துக்கு ஒரு படி முன்னால் நிற்கிறான் என்று இதற்கு அர்த்தம்.

துவண்ட குழந்தையின் விஷயத்தில் ஒரு பெரிய ஏமாற்று உண்டு. காலையில் 60 இருந்த எண் மாலையில் 36 ஆகி, குழந்தையும் "அமைதியாத் தூங்குது" என்றால், முதலில் எழுப்பிப் பாருங்கள். முழித்து, அம்மாவைத் தேடி, பால் குடித்தால் நல்லது. கண்ணைத் திறக்காமல் தலை சாய்ந்தால், இழுத்து இழுத்துக் களைத்துப்போய் மூச்சுத் தசை கைவிடுகிறது. இதைவிட அவசரம் வேறில்லை. எலும்பும் தோலுமாக மெலிந்த குழந்தைகளிடமும் விலாவை உள்ளே இழுக்கும் அளவுக்குத் தசை பலம் இருக்காது. அவர்களிடம் குழி தெரியவில்லை என்பதை வைத்து நிம்மதியடைய முடியாது.

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருந்தால் வையுங்கள், ஆனால் பெரியவர்களின் விரலுக்கான கிளிப் சின்ன விரலில் ஆடிக்கொண்டே இருக்கும். குழந்தைக்கான ப்ரோப் இருந்தால் கால் கட்டைவிரலில் பொருத்தலாம். குளிர்ந்த காலைக் கையால் தேய்த்துச் சூடாக்கி, மருதாணி, நகப்பூச்சு இல்லாத விரலாகப் பார்த்து, துடிப்பு எண் நிலைபெறும் வரை ஒரு நிமிஷம் காத்திருந்து படிக்க வேண்டும். 90-க்குக் கீழே என்றால் ஆக்ஸிஜன் உடனே தேவை. உதடு நீலமாகும் வரை காத்திருக்க முடியாது. ரத்தசோகை உள்ள குழந்தைக்கு ஆக்ஸிஜன் நன்றாகக் குறைந்த பிறகும் நீலம் தெரியாமல் போகும். பையனுக்கு 91 காட்டியது. வேகம், உள்வாங்கல், 91, குறைந்த பால் எல்லாம் சேர்ந்து, ஆக்ஸிஜன் உள்ள மருத்துவமனைக்கு அன்று இரவே போக வேண்டும் என்பதில் சந்தேகம் வைக்கவில்லை.

வேகமூச்சு மட்டும் இருந்து, விலா உள்வாங்காமல், அபாய அடையாளமும் இல்லாமல் இருந்தால் மருத்துவர் பெரும்பாலும் அமாக்ஸிசிலின் எழுதி வீட்டிலேயே வைத்துப் பார்க்கச் சொல்வார். உலக சுகாதார நிறுவன அட்டவணைப்படி, தண்ணீரில் கரையும் 250 மி.கி. மாத்திரை 4 கிலோ முதல் 10 கிலோவுக்குள் ஒன்று, 10 முதல் 14 கிலோவுக்குள் இரண்டு, தினம் இரு வேளை, 5 நாள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் மிச்ச மாத்திரையை எடுத்து வைப்பது வழக்கமாக இருக்கிறது. 5 நாளும் முடிக்க வேண்டும். இரண்டு நாளில் திரும்பக் காட்ட வேண்டும். ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் குழந்தைக்கும், விழுங்க முடிந்தால், கிளம்பும் முன் சுகாதார ஊழியர் முதல் வேளை மருந்தைக் கொடுத்து அனுப்புவார். மலைச்சாலையில் போகும் நேரம் வீணாகாமல் இருக்க அது. பையன் ஒரு மாத்திரையைத் தாய்ப்பாலில் கரைத்து விழுங்கினான்.

வழியில் அம்மாவின் மார்போடு சேர்த்து நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். தொட்டில் துணியில் குறுக்கிச் சுற்றினால் வயிறு அசைய இடமில்லாமல் மூச்சு இன்னும் திணறும். குளிருக்குப் போர்த்தலாம், முகத்தை மூடாமல். இரண்டு மூன்று வாயாக அடிக்கடி பால் கொடுக்கலாம். மூச்சு இரைக்கும்போது பாலாடையால் ஊற்றினால் புரையேறும். தூக்கம் வரவைக்கும் இருமல் சிரப்பை நிறுத்திவிடுங்கள். மருந்தால் சொக்குகிறதா, நோயால் துவளுகிறதா என்று யாராலும் சொல்ல முடியாமல் போய்விடும். 108 தமிழ்நாட்டுப் பக்கமும் ஆந்திரப் பக்கமும் ஒரே எண்தான்.

இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு இந்தக் கணக்கை அப்படியே போட முடியாது. அவர்களுக்கு விலா மிகவும் மெலிது என்பதால் லேசான உள்வாங்கல் இயல்பு. ஆழமாக, தூரத்திலிருந்தே தெரியும் குழிதான் நோய். 60 வந்தால் உடனே இன்னொரு தடவை எண்ண வேண்டும், இரண்டாவது தடவையும் 60-க்குக் குறையாவிட்டால் வேகம். ஆனால் இருமலே இல்லாமல், காய்ச்சலும் இல்லாமல், உடம்பு குளிர்ந்து, பாலை விட்டுவிட்டு மட்டும் அந்த வயதில் நிமோனியா வரும். பால் குடிப்பது குறைந்தாலே தொக்கம் எடுக்கவோ தோஷத்துக்கு மந்திரிக்கவோ நேரம் போக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டிய வயது அது.

பையனோடு ஒரு துண்டுச் சீட்டும் போனது. தமிழ்நாட்டில் பார்த்ததை ஆந்திரத்து மருத்துவமனையிலும், அங்கே பார்த்ததை இங்கேயும் காட்ட நேரும் ஊர்களில், எண் எந்த மொழியிலும் படிக்கும். "மாலை 6.40, மடியில் அமைதி, 54. மூக்கைச் சுத்தம் செய்த பின் 53, கீழ்விலா உள்வாங்கல் உண்டு. கால்விரல் 91. அமாக்ஸிசிலின் 250 ஒன்று, 7.05." அங்கே மூக்குக் குழாயில் ஆக்ஸிஜனும், ஆம்பிசிலின், ஜென்டாமைசின் ஊசியும் ஆரம்பித்தார்கள். அதே சீட்டின் கீழேயே அம்மா எழுதிக்கொண்டு வந்தார்: மறுநாள் காலை 50, குழி இருக்கு. இரண்டாம் நாள் மாலை 44, குழி லேசா. மூன்றாம் நாள் 38, குழி இல்லை, கஞ்சி குடிச்சான். இருமல் மட்டும் வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு வாரம் இருந்தது; சீட்டில் எண் 40-க்குக் கீழேயே நின்றதால் அதற்கு யாரும் புது மருந்து வாங்கவில்லை.